ஸ்பேட்ஸ் ஆட்டத்தில் நில் சொல்வதும் அதைக் கூட்டாளி காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நில்னா என்ன? அதுல தோத்தா எவ்வளவு போகும்?"

ஸ்பேட்ஸில் ஸ்பேட்தான் எப்போதும் துருப்பு. ஒரு சுற்றில் விழும் 4 சீட்டையும் வெல்வது ஒரு பிடி, எத்தனை பிடி எடுப்போம் என்று ஆடும் முன்பே ஒவ்வொருவரும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கையில் ஒரு பிடிகூட எடுக்க மாட்டேன் என்று சொல்வதுதான் நில். 13 சுற்றும் முடியும்வரை ஒன்றும் எடுக்காமல் தப்பினால் உங்கள் அணிக்கு 100 புள்ளி. ஒரே ஒரு பிடி தவறி வந்துவிட்டாலும் 100 புள்ளி கழியும். கூட்டாளி சொன்ன எண்ணிக்கைக்கு வழக்கம்போல ஒரு பிடிக்கு 10 வீதம் தனிக் கணக்கு. அதாவது உங்கள் நில் உடைந்தாலும் அவர் சொன்னதை எடுத்துவிட்டால் அது அவருக்கு உண்டு.

"நாங்க சின்ன வயசுல இருந்து துனி ஆடறவங்க. ஸ்பேட்ஸ்ல நில் சொன்னா எப்பவும் உடையுது. ஏன்?"

டர்பனில் இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வளர்ந்த நமக்கு, 24 சீட்டில் ஆடும் துனியால் 4 பேர், எதிரெதிரே கூட்டாளி, துருப்பு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் துனி கற்றுக்கொடுத்த இரண்டு பழக்கங்கள் இங்கே காலை வாரிவிடும்.

முதல் பழக்கம் சீட்டின் மதிப்பு. துனியில் ஜாக்கிதான் பெரியது, அடுத்தது 9. கையில் 9 வந்தால் பெரிய சீட்டு என்றே கண் பார்க்கும். ஸ்பேட்ஸில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று நேர் வரிசை. 52 சீட்டும் ஆட்டத்தில் உண்டு, 2 வரைக்கும். நில் சொல்கிறவருக்கு உயிர் காக்கும் சீட்டுகளே 2, 3, 4 என்ற அந்தச் சின்னச் சீட்டுகள்தான். 24 சீட்டில் ஆடிப் பழகிய கண்ணுக்கு அவை குப்பையாகத் தெரியும். அவற்றை முதலிலேயே கழித்துவிடுவோம், பிறகு அடியில் போட ஒன்றும் இருக்காது.

இரண்டாவது பழக்கம் இதைவிட ஆழமானது. ஒருவர் துனி சொல்லிவிட்டால் 6 பிடியும் அவரே எடுக்க வேண்டும், கூட்டாளி எடுத்துவிட்டால் அணிக்கே நஷ்டம். அதனால் கூட்டாளி ஒதுங்கி நிற்கிறார், சின்னதாகப் போட்டு வழி விடுகிறார். நில் இதற்கு நேர் எதிர். இங்கே கூட்டாளி ஒதுங்கவே கூடாது, முன்னால் வந்து நிற்க வேண்டும். அவருடைய பெரிய சீட்டின் நிழலில்தான் நில் சொன்னவர் ஒளிய முடியும். வழி விட்டுப் பழகிய கை, நில் சொன்ன கூட்டாளிக்கும் வழி விட்டுவிடுகிறது. உடைவது அதனால்தான்.

"எந்த மாதிரிக் கை வந்தா நில் சொல்லலாம்?"

முதலில் ஸ்பேட் பாருங்கள். ஏஸ் இருந்தால் பேச்சே இல்லை. ராஜா இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். ராணி இருந்து, அதோடு இரண்டு சின்ன ஸ்பேட் இருந்து, கூட்டாளி ஏற்கெனவே பெரிய எண்ணிக்கை சொல்லியிருந்தால் துணியலாம். ஸ்பேட் 4க்கு மேல் போனால், சின்னவையாக இருந்தாலும் ஒரு முறைக்கு இருமுறை யோசியுங்கள். மற்ற இனமெல்லாம் தீர்ந்தபின் அந்த ஸ்பேட்டுகளே உங்களை மாட்டிவிடும்.

அப்புறம் மற்ற மூன்று இனம். இங்கே பலரும் ஏஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆனால் பார்க்க வேண்டியது அடியை. டைமனில் ஏஸ், 6, 4, 3, 2 இருந்தால் அது பெரும்பாலும் பாதுகாப்பான இனம். ஒரு இனம் மூன்று சுற்றுக்கு மேல் எல்லோரிடமும் ஓடுவது அரிது, அதற்குள் 2, 3, 4 என்று போட்டுவிடுவீர்கள், ஏஸ் வெளியே வரவே தேவையிருக்காது. அதே டைமனில் ராஜாவும் 9ம் மட்டும் இருந்தால், பார்க்கச் சின்னக் கைதான், ஆபத்தோ பெரிது. எதிரணி 4ஐ இறக்கினாலே 9 மேலே வந்துவிடும்.

கணக்காகவும் ஒன்று சொல்கிறேன். அந்தக் கையில் நில் சொல்லாமல் 2 என்று சொன்னால் 20 புள்ளி. நில் பிழைத்தால் 100, உடைந்தால் கழிவு 100. 10 தடவையில் 6 தடவை பிழைத்தால் வரவு 600, செலவு 400, நிகரம் 200. சும்மா 2 சொல்லியிருந்தாலும் அதே 200 வந்திருக்கும். ஆகவே 10ல் 6 தடவைக்கும் மேல் பிழைக்கும் என்று மனசு சொன்னால்தான் நில் லாபம். கூட்டாளி உங்களைக் காக்க ஒரு பிடியை இழப்பார் என்பதையும் சேர்த்தால், நான் 10ல் 7 என்று வைத்துக்கொள்கிறேன்.

"என் கூட்டாளி நில் சொல்லிட்டாரு. நான் எவ்வளவு சொல்லணும்?"

உறுதியான பிடியை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். வழக்கமாக ஒரு ராஜாவை ஒரு பிடியாக எண்ணுவீர்கள். கூட்டாளி நில் சொன்னபின் அந்த ராஜாவைக் காவலுக்கென்று ஒதுக்கி வையுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அவரைக் காப்பாற்ற அதைத் தூக்கி ஏஸுக்கு இரையாகக் கொடுக்க வேண்டிவரலாம். 5 சொல்லக்கூடிய கையில் 4 சொன்னால் கூடுதலாக வரும் பிடிக்கு 1 புள்ளிதான் கிடைக்கும், அப்படிக் கூடுதல் 10 சேர்ந்தால் 100 கழியும். இருந்தாலும் 100 புள்ளி நில்லுக்கு முன்னால் அது சின்ன விலை.

"மேசையில பேசக்கூடாது. அப்போ அவருக்கு எந்த இனத்துல ஆபத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதுதான் முழு விஷயமும். அவர் போடும் சீட்டே உங்களிடம் பேசுகிறது.

நில் சொன்னவருக்கு ஒரே ஒரு விதி: அந்தப் பிடியை வெல்லாத சீட்டுகளில் மிகப் பெரியதைப் போட வேண்டும். மேலே ராஜா கிடக்கிறது, அவரிடம் 10, 7, 4 இருக்கின்றன என்றால் 10ஐத்தான் போட வேண்டும். 4ஐப் போட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாளைக்கு 10 கழுத்தைப் பிடிக்கும்.

அவர் இந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் உங்களுக்கு ஒரு பெரிய செய்தி கிடைக்கிறது. நீங்கள் கிளாவர் ஏஸ் இறக்கினீர்கள், அவர் 9 போட்டார். அப்படியானால் அவரிடம் கிளாவரில் 9க்கு மேல் எதுவுமே இல்லை. அந்த 9தான் அவருடைய கூரை. இனி கிளாவரில் 10ஐ இறக்கினாலும் அவரைக் காக்கும், ராணியைச் செலவழிக்க வேண்டியதில்லை. அதுவே அவர் உங்கள் ஏஸுக்கு அடியில் ராஜாவைப் போட்டால், பெரிய தொல்லை ஒழிந்தது என்று மகிழலாம், ஆனால் கூரை தெரியவில்லை. ராஜாவுக்கு அடுத்து ராணி இருக்கலாம், 3ம் இருக்கலாம். அந்த இனத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

நான்கு இனத்துக்கும் நான்கு கூரை. ஆட்டம் முழுவதும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கூரை தாழ்ந்த இனத்தில் சிக்கனமாக ஆடுங்கள், கூரை தெரியாத இனத்தில் பெரியதை முன்னால் தள்ளுங்கள். காவலுக்கு உட்கார்ந்தவர் செய்யும் வேலை இதுதான்.

இதனாலேயே, நில் சொன்னவர் தோன்றியபடி சின்னதையும் பெரியதையும் மாற்றிப் போட்டால் தனக்கு மட்டும் கேடு செய்யவில்லை, காவலாளியின் கண்ணையும் கட்டிவிடுகிறார்.

"ஒரு கையை எடுத்து முழுசா ஆடிக் காட்டுவீங்களா?"

சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டு வராந்தாவில், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிய கை இது. நான் சீட்டுப் போட்டேன். எனக்கு இடப்பக்கம் மச்சான், எதிரே என் கூட்டாளி அக்கா, வலப்பக்கம் பக்கத்து வீட்டு அண்ணன். மச்சான் 3 சொன்னார், அக்கா 4, அண்ணன் 2. கடைசியாக என் முறை.

என் கை: ஸ்பேட் 9, 6, 2. ஆர்ட்டின் ராஜா, 8, 3. டைமன் 10, 7, 5, 4, 2. கிளாவர் 9, 4. அக்கா 4 சொன்னதால் பெரிய ஸ்பேட் அவரிடம் இருக்கும் என்று நம்பினேன். நெருடியது ஆர்ட்டின் ராஜா ஒன்றுதான், அதற்கு அடியில் 3 இருந்தது. நில் சொன்னேன்.

அக்காவின் கை: ஸ்பேட் ஏஸ், ராஜா, 7, 5. ஆர்ட்டின் ஏஸ், 9, 4. டைமன் ராஜா, 6. கிளாவர் ஏஸ், ராணி, 8, 3. மூன்று ஏஸ், ஸ்பேட் ராஜா, ஆக 4 உறுதி. டைமன் ராஜாவை அவர் எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மச்சான் ஆர்ட்டின் 2ஐ இறக்கினார். நில்லை உடைக்க நினைப்பவர் இப்படித்தான் சின்னதாகத் தொடங்குவார். அக்கா யோசிக்காமல் ஏஸைப் போட்டார். நான் கடைசியில் ஆடப்போகிறேன், என் ஆர்ட்டின் எப்படி என்று அவருக்குத் தெரியாது, ஆகவே உயர்ந்ததை முன்னால் வைத்தார். அண்ணன் 6. நான் ராஜாவைக் கழித்தேன். அந்தச் சீட்டு கையை விட்டுப் போனபோது எனக்கு மூச்சே வந்தது.

அடுத்து அக்கா கிளாவர் ஏஸ். அண்ணன் 2, நான் 9, மச்சான் 5. கிளாவர் கூரை 9 என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. 8 அவரிடமே இருக்கிறது, எனவே என்னிடம் மிச்சம் இருப்பது 7 அல்லது அதற்குக் கீழே.

மூன்றாவது சுற்றில் அவர் செய்ததைத்தான் நான் பலருக்கும் சொல்வேன். டைமன் ராஜாவை இறக்கினார். ஏஸ் வெளியே இருக்கிறது, ராஜா போய்விடும் என்று தெரிந்தேதான் இறக்கினார். அண்ணன் 8, நான் 10, மச்சான் ஏஸ் போட்டு எடுத்தார். அக்காவுக்கு ஒரு பிடியும் வரவில்லை, ஆனால் என் 10 தொலைந்தது, டைமன் கூரையும் தெரிந்தது. எண்ணிக்கையில் சேர்க்காத ராஜா என்பதால் அவருக்கு நஷ்டமும் இல்லை.

மச்சான் மறுபடி ஆர்ட்டினுக்கு வந்தார், 5. ஆர்ட்டினில் என் கூரை இன்னும் தெரியாது, அதனால் அக்கா 4ஐ விட்டு 9ஐ வைத்தார். அண்ணனிடம் ஜாக்கியும் 10ம் மட்டுமே இருந்தன, 10 போட்டார். நான் 8. அண்ணனுக்குப் பிடி. அடுத்து அவர் கிளாவர் 6 இறக்கினார். என்னிடம் கடைசியாக இருந்த கிளாவர் 4 அடியில் போனது, மச்சான் ராஜா, அக்கா 3. மச்சான் டைமன் 3 இறக்க, அக்கா தன் கடைசி டைமன் 6, அண்ணன் ஜாக்கி, நான் 7.

ஏழாவது சுற்று. அண்ணன் டைமன் ராணி இறக்கினார், நான் 5, மச்சான் 9. அக்காவிடம் டைமன் இல்லை. நான் ஜெயிக்கவில்லை, ராணி மேலே இருக்கிறது, அக்கா எதையாவது கழித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். ஆனால் அவர் ஸ்பேட் 5ஐப் போட்டு வெட்டினார். அவர் கணக்குக்கு இந்தப் பிடி தேவையே இல்லை. ஸ்பேட் உடைய வேண்டும் என்பதற்காக வெட்டினார். யாராவது வெட்டி உடைக்காதவரை, வேறு இனம் கையில் இருக்கும்போது ஸ்பேட்டை முதலில் இறக்க முடியாது. உடைந்ததும் அடுத்த சுற்றிலேயே ஸ்பேட் ஏஸ், நான் 9 போட்டேன். பிறகு ஸ்பேட் ராஜா, நான் 6. என்னிடம் மிச்சம் ஸ்பேட் 2, ஆர்ட்டின் 3, டைமன் 4, 2. வெளியே டைமன் வேறு யாரிடமும் இல்லை, ஸ்பேட் 2க்கும் ஆர்ட்டின் 3க்கும் கீழே எதிரணி இறக்க ஒரு சீட்டும் இல்லை. நான்கு சுற்று மிச்சம் இருக்கும்போதே நில் கரை சேர்ந்தது. அக்காவுக்கு 40, எனக்கு 100, கூடுதல் பிடிக்குச் சில்லறை.

அந்த ஸ்பேட் 5 வெட்டு இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிரணி தாங்கள் விரும்பும் நேரத்தில் சின்ன ஸ்பேட்டை இறக்கி என் 9ஐ மேலே இழுக்கப் பார்த்திருப்பார்கள். அக்கா தனக்கு வசதியான நேரத்தில் அந்தக் கதவைத் திறந்தார்.

"காப்பாத்தணும்னு நான் எல்லாப் பெரிய சீட்டையும் போட்டுடறேன். கடைசில என் எண்ணிக்கையே வராம போகுது. எங்க தப்பு?"

நீங்கள் கடைசியாக ஆடும் சுற்றுகளைப் பாருங்கள், தப்பு பெரும்பாலும் அங்கேதான். இடப்பக்கத்து எதிரி டைமன் 6 இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது உங்கள் கூட்டாளி இரண்டாவதாகவும் நீங்கள் நான்காவதாகவும் ஆடுகிற சுற்று. கூட்டாளி 8 போட்டார், இன்னொரு எதிரி ஜாக்கி போட்டார். 8ஐ ஜாக்கி தாண்டிவிட்டது, கூட்டாளி பிழைத்துவிட்டார். இங்கே ஏஸ் போடுவது காவல் அல்ல. உங்களுக்குப் பிடி வேண்டுமானால் போடுங்கள், இல்லையென்றால் சின்னதைப் போட்டு ஏஸை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எதிரி ஜாக்கிக்குப் பதில் 3 போட்டிருந்தால் 8 மேலே நிற்கிறது, நீங்கள் தாண்டியே ஆக வேண்டும். ஆனால் 10 இருந்தால் 10 போதும். கடைசி ஆள் நீங்கள், உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

உயர்ந்ததை முன்னால் வைக்க வேண்டியது நீங்கள் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ ஆடும்போதுதான், ஏனென்றால் கூட்டாளி இன்னும் ஆடவில்லை. மூன்றாவதாக ஆடும் நிலை நடுவாந்தரம்: கூட்டாளியே அந்தச் சுற்றைத் தொடங்கியிருக்கிறார், அவர் சீட்டு கண் முன்னால் கிடக்கிறது, நடுவில் ஆடிய எதிரி அதைத் தாண்டாவிட்டால் நீங்கள் தாண்டிவிடுங்கள், நான்காவது ஆளை நம்பாதீர்கள். நில் சொன்னவர் சுற்றைத் தொடங்குவது முதல் சுற்றில் மட்டுமே நடக்கும். பிடி எடுத்தால்தானே பிறகு தொடங்க முடியும்.

"எதிரணி எங்க அடிப்பாங்க?"

உங்களிடம் இல்லாத பெரிய சீட்டு எந்த இனத்தில் என்று தேடுவார்கள். நீங்கள் ஒரு இனத்தில் சின்னதாகப் போட்டுத் தோற்றால், அங்கே உங்களிடம் சரக்கு இல்லை என்று புரிந்துகொண்டு அதையே திரும்பத் திரும்பச் சின்னச் சீட்டில் இறக்குவார்கள். அதற்கு ஒரு மருந்து, அந்த இனத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடுவது. தீர்ந்துவிட்டால் ஸ்பேட்டால் வெட்டி மேலே நிற்கலாம். சின்ன ஸ்பேட்டுகளை அதற்காகப் பத்திரப்படுத்துங்கள்.

நில் சொன்னவருக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு இனம் தீர்ந்துவிட்டால் அந்தச் சுற்றில் உங்களுக்கு ஓசி. கையிலேயே மிகவும் நெருடுகிற சீட்டை, பெரும்பாலும் அடியில் சின்னது இல்லாத இனத்தின் பெரியதை, அப்போது தள்ளிவிடுங்கள். ஸ்பேட்டை மட்டும் அப்படித் தள்ள முடியாது, அது வெட்டாகிவிடும். வேறொருவர் அதைவிடப் பெரிய ஸ்பேட்டால் ஏற்கெனவே வெட்டியிருந்தால் மட்டும் அடியில் நழுவவிடலாம். அந்த வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

"நில் உடைஞ்சிடுச்சு. இனி என்ன?"

காவலை அந்த நொடியே நிறுத்துங்கள். 100 போனது போனதுதான், இரண்டாவது பிடிக்குத் தனியாகக் கழிவு இல்லை. இனி காவலாளி தன் எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டும். நில் உடைந்தவர் எடுக்கும் பிடி கூட்டாளியின் எண்ணிக்கையில் சேருமா, வெறும் கூடுதலாகப் போகுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். சேரும் என்றால் அவரும் பிடி எடுத்து உதவலாம், சேராது என்றால் ஒதுங்கி இருக்க வேண்டும். சீட்டுப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடு ஆட்டத்தில் இதைப் பற்றிச் சண்டை வந்து ஆட்டமே கலைந்த மதியங்களைப் பார்த்திருக்கிறேன்.

"பார்க்காமலே நில் சொல்றாங்களே, அது?"

சீட்டைத் தூக்கிப் பார்க்கும் முன் சொல்வது, பெரும்பாலும் 200 புள்ளி. 100 புள்ளிக்கு மேல் பின்தங்கிய அணிதான் சொல்லலாம் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். தோல்வி கண்முன் தெரியும்போது தவிர நான் சொல்வதில்லை. சொன்னாலும் காவல் முறை மாறாது, கூட்டாளி தன் ஏஸ்களை முதலிலேயே இறக்கிக் கூரைகளைத் தேட வேண்டும், ஏனென்றால் இந்த முறை தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் துணிந்தவர் யாரும் எதிரே இல்லை.